வயது கேட்காமல் ‘நீ’ சொல்ல முடியாத மொழி

ஹனோயில் ஒரு வீட்டின் இரவு உணவு. நாற்பது வயது ஆண் ஒருவர் தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி அம்மா, மனைவி, மகள், அண்ணன், அண்ணன் மகன், தங்கை மகள். சோறு பரிமாறி முடிப்பதற்குள் இவர் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசுகிறார். அம்மாவிடம் தன்னைக் ‘கோன்’ என்கிறார், பிள்ளை என்று பொருள். மனைவியிடம் அவரே ‘அஞ்’, அதாவது அண்ணன். மகளிடம் ‘போ’, அப்பா. சொந்த அண்ணனிடம் ‘எம்’, தம்பி. அண்ணன் மகனிடம் ‘ச்சூ’, சித்தப்பா. தங்கை மகளிடம் ‘பாக்’, வயதில் மூத்த மாமா. ஆறு பேர், ஆறு ‘நான்’.

உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது நமக்குப் புதிதல்ல. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, சித்தி என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடமும் உண்டு. தந்தையின் அண்ணனையும் தம்பியையும் ஒரே சொல்லில் அடைக்கும் ஆங்கிலம் பேசுகிறவரைவிட நாம் வியட்நாமியரின் பக்கத்தில்தான் நிற்கிறோம். ஆனால் ஒரு இடத்தில் பாதை பிரிகிறது. நாம் “சித்தப்பா, நீங்க சாப்பிட்டீங்களா, நான் அப்புறம் சாப்பிடுறேன்” என்போம். விளித்து முடித்ததும் ‘நீங்க’ வந்துவிடும், நமக்கு ‘நான்’ வந்துவிடும். வியட்நாமியர் “சித்தப்பா சாப்பிட்டாச்சா, பிள்ளை அப்புறம் சாப்பிடும்” என்பதுபோலச் சொல்வார். உறவுச்சொல் அங்கே விளிச்சொல்லாக மட்டும் நிற்பதில்லை. ‘நான்’, ‘நீ’ இருக்க வேண்டிய நாற்காலிகளிலேயே அது உட்கார்ந்துவிடுகிறது. ஒருவரை ‘ச்சூ’ என்று ஏற்ற அந்தக் கணமே நான் ‘ச்சாவ்’ ஆகிறேன், அதாவது அண்ணன் பிள்ளை. அவரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் என்னையே நான் குறிப்பிட முடியாது.

(இந்தச் சொற்களைத் தமிழில் எழுதினால் தொனி போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறி இறங்கும் ஆறு தொனிகள் அந்த மொழிக்கு உயிர். அக்காவைக் குறிக்கும் ‘ச்சி’ நம் காதில் எப்படி விழுகிறது என்பதை விட்டுவிடுவோம்.)

இந்தப் பழக்கம் வீட்டோடு முடிவதில்லை. தெருவில் நூடுல்ஸ் விற்கும் அம்மாவும் மருத்துவரும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பயணியும் இதே சொற்களுக்குள்தான் வருகிறார்கள். அதனால்தான் வியட்நாமுக்குப் போகும் வெளிநாட்டினர் பலருக்கும் முதல் சந்திப்பிலேயே “எந்த வருஷம் பிறந்தீர்கள்” என்ற கேள்வி வருகிறது. சிலர் நாசூக்காக, பன்னிரண்டு விலங்குகள் கொண்ட ஆண்டுச் சுழற்சியில் எந்த விலங்கு என்று கேட்பார்கள். அது வம்புக் கேள்வி இல்லை, இலக்கணக் கேள்வி. பதில் தெரியாமல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க முடியாது.

வயதுதானே, வயது எல்லோருக்கும் ஏறும், இன்று தம்பியாக இருப்பவன் நாளை அண்ணன் ஆவான், இதில் என்ன கேடு என்று கேட்கலாம். சாதியோடு ஒப்பிட்டால் இது உண்மையான வேறுபாடு, அதை மறைக்கக்கூடாது. நம் ஊர்களில் ஆதிக்கச் சாதிச் சிறுவன் எழுபது வயதுத் தலித் முதியவரை ‘வாடா போடா’ என்று கூப்பிட்ட வரலாற்றில், அந்த முதியவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் ‘நீங்க’ ஆவதில்லை. வியட்நாமில் எந்தக் கிழவரும் ‘ஓங்’ ஆவார், தாத்தா ஆவார். அந்நியரையும் உறவாக்கிக்கொள்ளும் சொற்கள் அவை. நம்மிடம் உறவுச்சொல்லை மறுப்பதே தீண்டாமையின் ஒரு கருவி.

ஆனால் அங்கும் எல்லாவற்றையும் வயது தீர்மானிப்பதில்லை. உறவுக்காரர்களுக்குள் தீர்மானிப்பது கிளை. என் தந்தையின் அண்ணன் பிள்ளைகள் எனக்கு ‘அஞ்’, ‘ச்சி’. தந்தையின் தம்பி பிள்ளைகள் எனக்கு ‘எம்’. பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பிறந்த பையனுக்கு ஐந்து வயது, எனக்கு முப்பது என்றாலும் அவன்தான் அண்ணன், நான் தம்பி. இதைச் சொல்ல ஒரு பழமொழியே இருக்கிறது: சர்க்கரைவள்ளிக் கிழங்கு அளவே இருந்தாலும் தோளைப் பார்த்துக் கூப்பிடு. தோள் என்றால் இங்கே உறவுப் படிநிலை. இன்னொரு பழமொழி பெரியப்பா வீட்டுப் பிள்ளையின் கருந்தலையையும் சித்தப்பா வீட்டுப் பிள்ளையின் நரைத்தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நரைத்தவன்தான் இளையவன் என்கிறது. ஆக, எல்லோருக்கும் ஏறும் வயதின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பிறப்பால் கிடைத்த இடத்தையும் இந்த ஏற்பாடு காப்பாற்றுகிறது. பிறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது நிமிர்கிறது, இல்லையா?

அப்படியானால் வெறும் ‘நீ’ அந்த மொழியில் கிடையவே கிடையாதா? இருக்கிறது. ‘மய்’ என்றால் நீ. அதன் இணை ‘தாவ்’, நான். இரண்டும் பழைய, அசலான மூவிடப்பெயர்கள். வயதும் இல்லை, பாலும் இல்லை, உறவும் இல்லை. நாம் தேடும் சொல் இதுதான் என்று தோன்றும். ஆனால் மரியாதையான பேச்சு அதை நெடுங்காலமாக வெளியே தள்ளி வைத்திருக்கிறது. இன்று ‘தாவ் மய்’ இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, ஒரே வகுப்பில் படித்த நெருங்கிய நண்பர்கள் நடுவே. மற்றொன்று, சண்டையிலும் அவமதிப்பிலும். முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘மய்’ என்றால் அது அடிக்கு அழைப்பு. இடையில் உள்ள பெரும் பரப்பில், அதாவது நெருக்கமும் இல்லாத பகையும் இல்லாத இரண்டு மனிதர்கள் சமமாக நின்று பேசும் இடத்தில், சொல் இல்லை. காணாமல் போனது ‘நீ’ அல்ல. பழுதாகாத ‘நீ’ காணாமல் போயிருக்கிறது.

‘நான்’ என்பதற்கு மட்டும் ஒரு பொதுச்சொல் உருவானது. அதன் கதை சுவையானது. ‘தோய்’ என்றால் முதலில் பணியாள், அரசனின் குடி. இன்றும் அரசனும் குடியும் என்று சேர்த்துச் சொல்லும் கூட்டுச்சொல்லில் குடிக்கு அதே ‘தோய்’தான். நம் ‘அடியேன்’ போல, பணிந்து தன்னைக் குறித்துக்கொள்ளும் சொல். இருபதாம் நூற்றாண்டில் லத்தீன் எழுத்தில் நாளிதழும் நாவலும் கட்டுரையும் பெருகியபோது, யாரென்றே தெரியாத வாசகரிடம் பேச எழுத்தாளருக்கு ஒரு ‘நான்’ தேவைப்பட்டது. வாசகருக்குத் தம்பியாகவோ தாத்தாவாகவோ இருக்க முடியாது. அடியேன் மெல்ல நிமிர்ந்து ‘நான்’ ஆனது. இது சின்ன விஷயமில்லை. அடிமையைக் குறித்த சொல்லே யாருக்கும் தாழாத மனிதரின் சொல்லாக மாறியது.

ஆனால் அந்த ‘தோய்’ எதிரே நிற்க ஒரு ‘நீ’ பிறக்கவில்லை. ‘தோய்’ என்று தொடங்கும் ஒருவர், எதிரில் இருப்பவரை இன்னும் ‘அஞ்’ என்றோ ‘ச்சி’ என்றோ ‘ஓங்’ என்றோதான் அழைக்க வேண்டும். அங்கே வயதும் பாலும் திரும்ப நுழைந்துவிடும். தன்னைச் சமமாக நிறுத்திக்கொள்ளலாம். அடுத்தவரைச் சமமாக அழைக்கச் சொல் இல்லை.

இந்த இடைவெளியை வியட்நாமில் பள்ளிக்குப் போன பலரும் ஒரு காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ங்கோ தத் தோ எழுதிய ‘தத் டென்’ நாவல் 1930களின் இறுதியில் வந்தது. விளக்கு அணைதல் என்று பொருள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்துத் தலைவரியால் நசுங்கும் வடக்கு வியட்நாம் கிராமம் அதன் களம். நாவல் முழுக்க ‘அக்கா ஸவ்’ என்றே சொல்லப்படும் ஏழை விவசாயப் பெண், கணவனின் வரியைக் கட்டுவதற்காக மூத்த மகளையும் நாயையும் அதன் குட்டிகளையும் விற்றிருக்கிறார். அப்படியும் கணக்கு முடியவில்லை. கணவனின் தம்பிக்கும் வரி கேட்கிறார்கள். அந்தத் தம்பி முந்தைய ஆண்டே இறந்துவிட்டான். வரி பாக்கிக்காகக் கட்டிவைத்து அடிக்கப்பட்ட கணவன் குற்றுயிராக வீடு திரும்பி, பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த அரிசியில் காய்ச்சிய கஞ்சியை வாயருகே கொண்டுபோகிறான். அந்த நேரத்தில் வரி வசூலிக்கும் சேவகர் தலைவனும் ஊர்த்தலைவரின் ஆளும் தடியோடும் கயிற்றோடும் வந்து நிற்கிறார்கள்.

முதலில் அவர் கெஞ்சுகிறார். தன்னை ‘ச்சாவ்’ என்கிறார், பேத்தி. அவனை ‘ஓங்’ என்கிறார், தாத்தா. அவன் இளைஞனா கிழவனா என்பது இங்கே பொருட்டே இல்லை. கையில் தடி இருப்பவன் தாத்தா. அவன் தன்னை ‘ஓங்’ என்றும் அவரை ‘மய்’ என்றும் சொல்கிறான். அதாவது அவன் அவருக்குக் கொடுப்பது அந்தப் பழுதான ‘நீ’. கெஞ்சலுக்குப் பதிலாக மார்பில் குத்துகிறான்.

அடுத்த வாக்கியத்தில் ‘ச்சாவ்’ இல்லை. அவர் தன்னைத் ‘தோய்’ என்கிறார். நோயாளியான தன் கணவனை வதைக்க அவனுக்கு உரிமை இல்லை என்கிறார். உறவு மொழி போய் உரிமை மொழி வந்துவிட்டது. மொத்தக் காட்சியிலும் எனக்கு மிக முக்கியமான இடம் இந்த ஒரு வாக்கியம்தான். ஆனால் அதே வாக்கியத்திலும் அவன் ‘ஓங்’ ஆகவே இருக்கிறான். அவர் நிமிர்ந்துவிட்டார், அவனை இறக்க மொழி இடம் தரவில்லை.

அவன் கன்னத்தில் அறைகிறான். கணவனைக் கட்டப் பாய்கிறான். இப்போது அவர் தன்னைப் ‘பா’ என்கிறார். பாட்டி. அவனை ‘மய்’ என்கிறார். கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார். அவன் மல்லாந்து விழுகிறான். அடுத்தவனையும் தலைமுடியைப் பற்றிச் சுழற்றி வாசலில் எறிகிறார்.

மூன்றே படிகள். பேத்தி, நான், பாட்டி. வாசிக்கிற யாருக்கும் மூன்றாவது படியில் உடல் சிலிர்க்கும், எனக்கும் சிலிர்த்தது. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சமமாக நின்ற இரண்டாவது படி ஒரு அறை விழும் நேரம் வரைதான் நீடித்தது. அதற்கு மேல் எதிர்க்க அவருக்கு மொழி கொடுத்த ஒரே வழி, ஏணியின் உச்சிக்குத் தாவி அவனைக் கீழே தள்ளுவது. ஏணி அப்படியே இருக்கிறது, ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள். நாவலாசிரியரின் குறை இல்லை இது. அன்று ஒரு விவசாயப் பெண்ணின் வாயில் வேறு சொல் வைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

பின்னால் ஒரு அரசே அந்த மூன்றாவது படியை நடைமுறையாக்கிப் பார்த்தது. 1953க்கும் 1956க்கும் இடையில் வடக்கில் நடந்த நிலச்சீர்திருத்தத்தின்போது, ஊர் கூட்டி நிலக்கிழார்மீது குற்றம் சுமத்தும் கூட்டங்கள் நடந்தன. நேற்றுவரை ‘பிள்ளை’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட குத்தகையாளர் அங்கே ‘மய்’ என்று விரல் நீட்டினார். நிலக்கிழார் விவசாயிகளைத் தாத்தா, பாட்டி என்று அழைத்துத் தன்னைப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நூற்றாண்டுகளின் அவமானத்துக்குப் பதில் அது என்பது புரிகிறது. அந்த இயக்கத்தில் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள், கட்சியே 1956இல் பிழைகளை ஒப்புக்கொண்டது. பிரதிப்பெயர்களைப் பொறுத்தவரை நான் சொல்வது ஒன்றுதான்: தலைகீழாக்கப்பட்ட ஏணியிலும் ‘சமம்’ என்ற படி எங்கும் இல்லை.

புரட்சிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் ‘டோங் ச்சி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஒரே இலட்சியம் உடையவர், தோழர். ஆணுக்கும் பெண்ணுக்கும் முதியவருக்கும் இளையவருக்கும் ஒரே சொல், ‘தோய்’க்கு ஏற்ற எதிர்ச்சொல். இங்கே பெரியார் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய 1932இல், பெயருக்கு முன்னால் ‘தோழர்’ என்று போடுங்கள் என எழுதியதும் இதே தேவையிலிருந்துதான். வியட்நாமில் அந்தச் சொல் கட்சிக் கூட்டம், இராணுவம், காவல்துறை ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வழக்கமாகத் ‘தம்பி’ என்று கூப்பிடும் மேலாளர் திடீரென்று ‘டோங் ச்சி’ என்றால், இனி வருவது அலுவல் பேச்சு, பெரும்பாலும் கண்டிப்பு, என்று கேட்பவருக்குத் தெரியும்.

அந்தப் புரட்சியின் தலைவரையே பாருங்கள். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோய் மைதானத்தில் விடுதலை அறிவிப்பை வாசித்த ஹோ சி மின், கூட்டத்தை ‘டோங் பாவ்’ என்று அழைத்தார். ஒரே கருப்பையில் பிறந்தோர் என்பது அதன் நேர்ப்பொருள், உடன்பிறப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். தன்னைத் ‘தோய்’ என்றார். பெருங்கூட்டத்துக்கு முன் அரசனின் சொல்லை விட்டுவிட்டு, ஒருகாலத்தில் குடியைக் குறித்த சொல்லை ஒரு தலைவர் எடுத்தது அழகான தருணம். ஆனால் வரலாற்றில் நின்ற பெயர் ‘பாக் ஹோ’. பாக் என்றால் பெரியப்பா. சித்தப்பா அல்ல, அப்பாவுக்கும் மூத்தவர். நாடு முழுக்கப் பிள்ளைகள் ஆனது, அவரும் குழந்தைகளுக்கு எழுதும்போது தன்னைப் ‘பாக்’ என்றே எழுதினார். அன்பு பொய்யில்லை. பெரியப்பாவோடு யாரும் வாதாடுவதில்லை என்பதும் பொய்யில்லை.

அன்பு என்ற இந்த இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். கணவன் ‘அஞ்’, மனைவி ‘எம்’. அண்ணன், தங்கை. மனைவி வயதில் மூத்தவராக இருந்தாலும் பல இணைகளில் இதுவே வழக்கம். நண்பர்களாக இருந்த இருவர் ஒருநாள் இந்தச் சொற்களுக்கு மாறினால் காதல் சொல்லப்பட்டுவிட்டது என்று பொருள், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் காதலிக்கத் தொடங்கும்போதே இளையவள் ஆகிறாள். சண்டை வந்தால்? ‘எம்’ போய் ‘தோய்’ வரும். மனைவி ‘தோய்’ என்றதும் அறை குளிர்ந்துவிடும். தன்னைச் சமமாக நிறுத்தும் அதே சொல், வீட்டுக்குள் விலகலின் சொல். இளையவளாக இருந்தால் அன்பு, சமமாக நின்றால் பகை. இப்படி அமைந்த மொழியில் சமத்துவத்தைக் கேட்கும் பெண், கூடவே கனிவையும் இழக்கத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. “என்ன அழகு, நாடே ஒரு குடும்பம்” என்று நெகிழும் நம் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைப்பேன். குடும்பத்துக்குள் யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

சம வயதினர் என்ன செய்கிறார்கள்? மானிடவியலாளர்கள் ஜாக் சிட்னெலும் மெராவ் ஷோஹெட்டும் 2013இல் எழுதிய கட்டுரை முழுக்க இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். சமமானவர்கள் அந்த மொழிக்கு ஒரு பிரச்சினை என்பதே அதன் தலைப்பின் சாரம். நடைமுறையில் மக்கள் குறுக்குவழிகள் வைத்திருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அண்ணன் என்பார்கள். அல்லது தன் பிள்ளை எப்படிக் கூப்பிடுமோ அப்படி, எதிரில் இருப்பவரைப் பெரியப்பா என்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தால் தலைகள் ஒரே உயரத்தில் இருக்கும் அல்லவா, அந்த வகைச் சமத்துவம். வயதில் இளைய மேலாளரை எப்படி அழைப்பது என்று குழம்புகிற அலுவலகங்களில் ‘ஸெப்’ உதவுகிறது. முதலாளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மிச்சம் அது.

பிரெஞ்சிலிருந்து இன்னொன்றும் வந்தது. காலனியக் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நகரத்து இளைஞர்கள் ‘மோவா’, ‘தோவா’ என்று பேசிக்கொண்டார்கள். நான், நீ. வயது கேட்க வேண்டாம். தங்கள் மொழி தராத ‘நீ’யை ஆள வந்தவனிடமிருந்து கடன் வாங்கினார்கள். ஆனால் அது பள்ளிக்கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குள் மட்டும் செல்லுபடியான சமத்துவம். வண்டி இழுத்தவரிடம் யாரும் ‘தோவா’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று விளம்பரங்களும் கைபேசித் திரைகளும் ‘பான்’ என்கின்றன. நண்பர் என்று பொருள். வாங்குபவரின் வயது தெரியாத நிறுவனத்துக்கு அது வசதி. இளைஞர்கள் தங்களுக்குள்ளும் ‘பான்’ என்கிறார்கள், தன்னைக் குறிக்க ‘உடல்’ என்று முதலில் பொருள்பட்ட ‘மிஞ்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. நாம் தேடும் சொல்லுக்கு மிக அருகில் வந்திருப்பது இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் அதே இளைஞர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியைப் ‘பான்’ என்று அழைக்க முடியாது. ஆசிரியரிடம் முடியாது. பத்து வயது மூத்த சக ஊழியரிடம்கூட முடியாது. சமமானவர்கள் நடுவேதான் அது ஓடுகிறது. சமமில்லாதவர்களைச் சமமாக்கும் வேலையை அது இன்னும் தொடங்கவில்லை.

பள்ளிப் பாடநூலில் அக்கா ஸவ்வின் காட்சி இடம்பெற்றது என்றேன். அவர் தன்னைக் குறித்த சொல் பேத்தியிலிருந்து ‘நான்’ ஆகி, அதிலிருந்து பாட்டி ஆனது ஏன் என்று விளக்கச் சொல்லும் கேள்வி மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. அங்கே பாடநூல் கேள்விகள் மாணவரை ‘எம்’ என்றே விளிக்கின்றன. தம்பி, தங்கை. பதில் எழுதும் பிள்ளையும் தன்னை ‘எம்’ என்றே எழுதுகிறது.